எம்ஆர்சி போட்டால் செலக்‌ஷனை விட மோசமாகிறது: இரண்டு ஆன்டெனா ரிசீவர், ஃபேடிங்

குறிப்பலை

2.4 கிகாஹெர்ட்ஸில் இரண்டு ஆன்டெனா வைத்த ரிசீவர். கியூபிஎஸ்கே, நொடிக்கு 2,50,000 சிம்பல். ஒரு பாக்கெட்டில் 1000 சிம்பல், அதில் முதல் 32 பைலட். பிழை திருத்தும் கோடிங் எதுவும் இல்லை, கடைசியில் 16 பிட் சிஆர்சி மட்டும். இரண்டு கிளைக்கும் ஒரே கடிகாரம், ஒரே லோக்கல் ஆசிலேட்டர். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஃபேஸ் தானாக நகர்வதில்லை, அதைச் சரிபார்த்துவிட்டேன்.

சுற்றிலும் சுவர், இரும்பு அலமாரி. நேர்ப்பார்வை கிடையாது. ரிசீவர் நடை வேகத்தில் நகரும்போது இரண்டு ஆன்டெனாவின் ஐக்யூவையும் பதிவு செய்து, அந்த ஒரே பதிவை மூன்று விதமாக டீமாடுலேட் செய்தேன்.

ஒரு ஆன்டெனா மட்டும்: சுமார் 4% பாக்கெட் இழப்பு.
செலக்‌ஷன்: சுமார் 0.2%.
எம்ஆர்சி: சுமார் 1.5%.

எங்கே பார்த்தாலும் எம்ஆர்சிதான் சிறந்தது என்று எழுதியிருக்கிறது. எனக்கு மட்டும் ஏன் செலக்‌ஷனை விட ஏழு மடங்கு மோசம்? என் எடை இவ்வளவுதான்:

```
h1 = np.vdot(p, r1[:32]) / 32
h2 = np.vdot(p, r2[:32]) / 32
y  = np.conj(h1)*r1 + np.conj(h2)*r2
```

சங்கர்_ஆர்எஃப்

எம்ஆர்சி ஒருபோதும் செலக்‌ஷனை விடக் கீழே போக முடியாதுங்க. கணக்குப்படி எம்ஆர்சியோட அவுட்புட் எஸ்என்ஆர் ரெண்டு கிளை எஸ்என்ஆரோட கூட்டல். செலக்‌ஷன்ல கிடைக்கிறது ரெண்டுல பெரியது மட்டும். கூட்டல் எப்படிப் பெரியதை விடக் குறையும்? அதனால ஃபேஸ்ல ஏதோ தப்பு இருக்கு. பைலட்டோட காஞ்சுகேட் எந்தப் பக்கம் எடுக்கிறீங்க? vdot முதல் ஆர்க்யுமென்டைத்தான் காஞ்சுகேட் பண்ணும். இடம் மாறினா h தலைகீழாகிடும், ஃபேஸ் ஒண்ணு சேராம ரெட்டிப்பா விலகும். அதைப் பாருங்க.

குறிப்பலை

vdot சரியாகத்தான் இருக்கிறது, p முதலில் வருகிறது. கூட்டுவதற்கு முன் இரண்டு கிளையின் கான்ஸ்டெலேஷனையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். நான்கு புள்ளிகளும் ஒரே இடத்தில் விழுகின்றன.

நிலா_வானொலி

எங்களிடம் இதே போன்ற ஏற்பாடு ஓடுகிறது. இரண்டு கேட்வே, இரண்டு கட்டடத்தின் மேல். ஒரே பாக்கெட் இரண்டிலும் வந்தால் சர்வர் முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். எம்ஆர்சி எதுவும் தேவைப்படவில்லை, இழப்பு நன்றாகவே குறைந்தது. உங்களுக்கும் இரண்டாவது ரிசீவரை வேறு இடத்தில் வைத்துவிட்டால் வேலை முடிந்ததே?

வெண்ணிரைச்சல்

நிலா, நீங்கள் சொல்வது வேறு நோய்க்கான மருந்து. இரண்டு கட்டடத்தில் வைத்தால் ஒரு பக்கம் மலையோ கட்டடமோ மறைக்கும்போது மறுபக்கம் கேட்கும். அது நிழல் விழுவதைச் சமாளிக்கிறது. இங்கே கேள்வி ஒரே பெட்டியில் சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு ஆன்டெனாவைப் பற்றியது. பல பாதையில் வரும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் குழி ஓர் ஆன்டெனாவில் விழும்போது மற்றதில் விழாமல் இருப்பதுதான் இங்கே லாபம். உங்கள் சர்வர் செய்வதும் ஒரு வகை செலக்‌ஷன்தான், பாக்கெட் அளவில்.

குறிப்பலை, இரண்டு கேள்வி. முதலாவது, இரண்டு கிளையிலும் ஏஜிசி தனித்தனியா? இரண்டாவது, செலக்‌ஷனில் எந்த அளவை வைத்துக் கிளையைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

முடிந்தால் ஒரு படமும் வரையுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கூட்டிய பிறகு உள்ள எஸ்என்ஆரிலிருந்து இரண்டு கிளையில் சிறந்ததன் எஸ்என்ஆரைக் கழியுங்கள். அதை நிலை அச்சில் வையுங்கள். இரண்டு கிளைகளின் எஸ்என்ஆர் வித்தியாசம் கிடை அச்சில். எம்ஆர்சி பிழை எதுவானாலும் இந்த ஒரு படத்தில் முகம் காட்டிவிடும்.

குறிப்பலை

ஏஜிசி தனித்தனிதான். ஒவ்வொரு சிப்பும் பாக்கெட் தொடங்கும்போது தானே கெய்ன் வைத்துக்கொண்டு முடியும்வரை பூட்டிவைக்கிறது.

செலக்‌ஷனுக்குப் பைலட் கோரிலேஷனின் பவரை எடுத்து, அந்தக் கிளையில் வந்த மொத்த பவரால் வகுக்கிறேன். எது பெரிதோ அந்தக் கிளை.

படம் வரைந்தேன். இரண்டு கிளையும் சமமாக இருக்கும் இடத்தில் லாபம் கிட்டத்தட்ட 3 டெசிபெல், எதிர்பார்த்தபடி. வித்தியாசம் கூடக் கூட இறங்குகிறது. 5 டெசிபெல் அருகே பூஜ்யத்தைத் தொட்டு, அதற்கப்புறம் கீழே போய்விடுகிறது. 10 டெசிபெல் வித்தியாசத்தில் மைனஸ் 4 அளவுக்கு வந்துவிட்டது.

வெண்ணிரைச்சல்

அப்படியென்றால் ஃபேஸில் குறையில்லை. ஃபேஸ் தப்பாக இருந்தால் இரண்டும் சமமாக இருக்கும் இடத்தில்தான் முதலில் அடி விழும். சமமான இரண்டு கிளையில் ஃபேஸ் 30 பாகை விலகினால் 0.3 டெசிபெல்தான் போகும், 60 பாகைக்கு 1.25, 90 பாகைக்கு 3 டெசிபெல் முழுவதும் போய்விடும். உங்களுக்கு அங்கே முழு 3 டெசிபெல் கிடைக்கிறது.

பிழை எடையில் இருக்கிறது. எம்ஆர்சியின் எடை `conj(h)` மட்டும் அல்ல, `conj(h)/n`. இங்கே n என்பது அந்தக் கிளையின் இரைச்சல் பவர். இரண்டு கிளையிலும் இரைச்சல் ஒரே அளவு என்றால் n பொதுக்காரணியாக வெளியே போய்விடும். அதனால்தான் பல இடங்களில் அதை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். தனித்தனி ஏஜிசி இருக்கும்போது அந்த அனுமானம் உடைந்துவிடுகிறது. ஏஜிசி என்ன செய்கிறது? சிக்னல் குழியில் விழுந்த கிளையைப் பார்த்து, “அடடா, சத்தம் குறைவாக இருக்கிறதே” என்று கெய்னைத் தூக்குகிறது. சிக்னலோடு சேர்த்து இரைச்சலும் எழும்புகிறது. h பெரிதாகத் தெரிகிறது, நீங்கள் அதற்குப் பெரிய எடை கொடுக்கிறீர்கள்.

எண் போட்டுப் பார்ப்போம். முதல் கிளை எஸ்என்ஆர் 20 டெசிபெல், இரண்டாவது 0 டெசிபெல். ஏஜிசி இரண்டின் மொத்த பவரையும் 1 ஆக்கிவிடுகிறது. முதல் கிளையில் சிக்னல் 0.99, இரைச்சல் 0.0099. இரண்டாவதில் சிக்னல் 0.5, இரைச்சல் 0.5. `conj(h)` எடையோடு கூட்டினால் சிக்னலின் வீச்சு 0.99 + 0.5 = 1.49, பவர் 2.22. இரைச்சல் 0.99 × 0.0099 + 0.5 × 0.5, அதாவது சுமார் 0.26. விகிதம் 8.5, அதாவது 9.3 டெசிபெல்.

கையில் 20 டெசிபெல் கிளை இருந்தது. அதோடு ஒன்றுக்கும் உதவாத கிளையைச் சேர்த்து 9.3 ஆக்கிவிட்டோம். சரியான எடை போட்டிருந்தால் 100 + 1 = 101, அதாவது 20.04 டெசிபெல் வந்திருக்கும்.

கோடிங் இல்லாத உங்கள் கியூபிஎஸ்கேவில் 9.3 டெசிபெல்லில் பிட் பிழை வீதம் சுமார் 0.0017. பாக்கெட்டில் ஏறத்தாழ 2000 பிட். சராசரியாக மூன்றுக்கு மேல் பிழை, சிஆர்சி தப்பாது. 20 டெசிபெல்லில் ஒரு பிழைகூட வராத பாக்கெட் அது.

சங்கர்_ஆர்எஃப்

சரிதான், இரைச்சல் சமம்னு நானே எடுத்துக்கிட்டேன். ஆனா ஒரு சந்தேகம். இவ்வளவு வித்தியாசம் எத்தனை பாக்கெட்ல வரும்? 20 டெசிபெல் வித்தியாசம் அபூர்வம்தானே?

வெண்ணிரைச்சல்

20 டெசிபெல் அபூர்வம்தான். சராசரி சமமான, ஒன்றையொன்று சாராத இரண்டு ரேலி கிளையில் பெரியது சிறியதைப் போல் r மடங்குக்கு மேல் இருக்கும் வாய்ப்பு `2/(1+r)`. 20 டெசிபெல் என்றால் r = 100, வாய்ப்பு 2%. 10 டெசிபெல்லுக்கு 18%.

ஆனால் குறிப்பலை சொன்ன பூஜ்யப் புள்ளியைப் பாருங்கள். இரண்டு கிளையிலும் எஸ்என்ஆர் ஓரளவு நன்றாக இருந்தால் ஏஜிசிக்குப் பிறகு சிக்னல் இரண்டும் 1, இரைச்சல் n1, n2. கூட்டினால் எஸ்என்ஆர் `4/(n1+n2)`. முதல் கிளை மட்டும் என்றால் `1/n1`. n2 மூன்று மடங்கைத் தாண்டியதும் கூட்டுவது நஷ்டம். மூன்று மடங்கு என்பது 4.8 டெசிபெல். அவருடைய படம் பூஜ்யத்தைத் தொட்டது 5 டெசிபெல் அருகே. இப்போது r = 3 போடுங்கள்: 2/4. பாதி பாக்கெட்டில் எம்ஆர்சி என்ற பெயரில் கெடுதல்தான் நடக்கிறது. அந்தப் பாதியில் பெரும்பாலானவை எஸ்என்ஆர் மிச்சம் இருப்பதால் எப்படியோ பிழைத்துக்கொள்கின்றன. அதனால்தான் இழப்பு 1.5 சதவீதத்தோடு நிற்கிறது.

அவருடைய செலக்‌ஷன் தப்பித்ததற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. கோரிலேஷனை மொத்த பவரால் வகுப்பதால் கெய்ன் அடிபட்டுப் போகிறது. ஏஜிசிக்குப் பிந்தைய பவரை வைத்துத் தேர்ந்தெடுத்திருந்தால் செலக்‌ஷனும் விழுந்திருக்கும். ஏஜிசிக்குப் பிறகு இரண்டு பவரும் சமமாகத்தான் தெரியும். நாணயம் சுண்டித் தேர்ந்தெடுப்பது போலாகிவிடும்.

பொன்னி_டிஎஸ்பி

இதைச் சோதிக்க ஆன்டெனாவைக் கழற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. அது ஏமாற்றும். ஒரு கிளையில் சிக்னலே இல்லை என்றால் பைலட்டில் h கிட்டத்தட்ட பூஜ்யம் வந்து, எடையும் தானாகவே சிறுத்துவிடும். 32 பைலட்டில் மிச்சமிருக்கும் மதிப்பீட்டு இரைச்சலால் 20 டெசிபெல் சுமார் 14க்கு இறங்கும், அவ்வளவுதான். 14 டெசிபெல்லில் கியூபிஎஸ்கே பாக்கெட் சுலபமாகத் தேறிவிடும். “ஓர் ஆன்டெனா போனாலும் வேலை செய்கிறது” என்று முத்திரை குத்திவிடுவார்கள்.

மிக மோசமான இடம் இரண்டாவது கிளை 0 டெசிபெல் பக்கம் இருக்கும்போது. அதனால் கழற்றாமல் ஒரு கிளையில் அட்டெனுவேட்டர் போட்டு 2, 3 டெசிபெல் படியாக இறக்குங்கள். கூட்டிய எஸ்என்ஆர் ஒரு பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறினால் எடையில் இரைச்சல் கணக்கு இல்லை என்று அர்த்தம். சரியான எம்ஆர்சியில் 3 டெசிபெல் லாபம் மெல்லக் கரைந்து பூஜ்யத்துக்கு வரும். கீழே போகவே போகாது.

இரைச்சலை அளக்கும் இடத்திலும் ஒரு பொறி உண்டு. பாக்கெட்டுக்கு முந்தைய அமைதியில் அளந்தால் அப்போது ஏஜிசி கெய்ன் வேறு, பாக்கெட்டின்போது வேறு. அந்த எண்ணை அப்படியே போட்டால் எடை இன்னும் தாறுமாறாகும். பைலட்டிலேயே எச்சத்தை எடுப்பது நல்லது:

```
def weight(r, p):
    N = len(p)
    h = np.vdot(p, r) / np.vdot(p, p).real
    n = np.sum(np.abs(r - h*p)**2) / (N - 1)
    return np.conj(h) / n
```

h-ஐ மதிப்பிடுவதில் ஒரு சுதந்திரம் செலவாகிவிட்டதால் N - 1. 32 பைலட் இருந்தால் n-இன் தடுமாற்றம் 18% அளவில், ஒரு டெசிபெல்லுக்குள் அடங்கும். எடையில் அந்த அளவு பிசகு இருந்தால் நஷ்டம் கண்ணுக்கே தெரியாது.

குறிப்பலை

அக்கா, எல்லாக் கிளைக்கும் ஒரே கெய்ன் வைத்துவிட்டால் இரைச்சலை அளக்கும் வேலையே மிச்சமாகாதா? பலமான கிளைக்குத் தேவையான கெய்னை இரண்டுக்கும் போட்டுவிடலாம். ஆனால் என் ஏடிசி 8 பிட்தான். பலவீனமான கிளை நாலைந்து பிட்டில் நசுங்கிப் போகுமே என்று பயம்.

பொன்னி_டிஎஸ்பி

அந்தப் பயம் தேவையில்லை. ஒரு கிளை 20 டெசிபெல் கீழே இருந்தால் அது மூன்று பிட்டுக்குச் சற்று மேல் இழக்கும், உண்மைதான். ஆனால் அந்தக் கிளையின் மொத்தப் பங்களிப்பே 0.04 டெசிபெல். நசுங்கினால் நசுங்கட்டும். 10 டெசிபெல் கீழே இருந்தால் இரண்டு பிட்டுக்குள் இழப்பு, பங்களிப்பு 0.4 டெசிபெல். எந்தக் கிளையின் தரம் முக்கியமோ அந்தக் கிளைக்கு எப்போதும் போதுமான பிட் கிடைக்கும். பொது ஏஜிசி நல்ல ஏற்பாடுதான்.

ஆனாலும் இரைச்சலை அளப்பதை விடாதீர்கள். ஒரு பக்கம் முதல் ஆம்ப்ளிஃபையரின் நாய்ஸ் ஃபிகர் வேறாக இருக்கும். பவர் சப்ளையின் ஸ்விட்சிங் இரைச்சல் ஒரு கிளையில் மட்டும் ஏறியிருக்கும். இவை எதுவும் கெய்னைச் சமமாக்கினால் சரியாகாது.

குறிப்பலை

ஏஜிசியை மாற்றவில்லை. எடையை மட்டும் மேலே உள்ளபடி மாற்றி அதே பதிவை மறுபடி ஓட்டினேன். படம் இப்போது பூஜ்யத்துக்குக் கீழே எங்கும் போகவில்லை. இழப்பு சுமார் 0.1%. மிக்க நன்றி.

ஆனால் மனம் ஆறவில்லை. செலக்‌ஷன் 0.2, எம்ஆர்சி 0.1. இவ்வளவு பாடுபட்டதற்கு இவ்வளவுதானா?

வெண்ணிரைச்சல்

இரண்டு கிளைக்கு இவ்வளவுதான், கணக்கும் இதைத்தான் சொல்கிறது. உங்கள் பாக்கெட் தேற சுமார் 11 டெசிபெல் வேண்டும். சராசரி 25 டெசிபெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவைக்கும் சராசரிக்கும் உள்ள விகிதம் x சுமார் 0.04. ஒற்றை ஆன்டெனா விழும் வாய்ப்பு 3.9%. செலக்‌ஷன் விழ இரண்டும் சேர்ந்து விழ வேண்டும், அதன் வர்க்கம்: 0.15%. எம்ஆர்சிக்கு அதில் பாதி, 0.08%. உங்கள் அளவுகள் இவற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

பெரிய லாபம் முழுவதும் இரண்டாவது ஆன்டெனாவால் வந்தது, கூட்டும் முறையால் அல்ல. நூற்றுக்கு ஒன்று இழப்பு என்று இலக்கு வைத்தால் ஒற்றை ஆன்டெனாவுக்குச் சராசரி 20 டெசிபெல் மிச்சம் வேண்டும். இரண்டு கிளை செலக்‌ஷனுக்கு 9.8 போதும், எம்ஆர்சிக்கு 8.3. முதல் 10 டெசிபெல்லை செலக்‌ஷனே கொடுத்துவிடுகிறது. எம்ஆர்சி அதன்மேல் ஒன்றரை சேர்க்கிறது. இலக்கை ஆயிரத்துக்கு ஒன்று என்று இறுக்கினாலும் அந்த ஒன்றரை மாறாது. இரண்டு முறையின் கோடுகளும் ஒரே சாய்வில்தான் இறங்கும்.

கிளைகள் கூடும்போது கதை மாறும். நான்கு கிளையில் செலக்‌ஷன் மூன்று ஆன்டெனாவின் சக்தியைத் தூக்கி எறிகிறது, வித்தியாசம் 3.4 டெசிபெல் ஆகிவிடும். நான்கு கிளை கட்டியும் செலக்‌ஷன் போடுவது வீண் என்பது என் கருத்து.

சங்கர்_ஆர்எஃப்

அப்ப ரெண்டு கிளைக்கு செலக்‌ஷனே போதும்னு சொல்லுங்க. அதுலயும் ஒரே ரிசீவர், முன்னாடி ஒரு ஆர்எஃப் சுவிட்ச் போட்டா பாதிச் செலவு. எம்ஆர்சிக்கு சேனல் எஸ்டிமேஷன் வேற துல்லியமா வேணும், பைலட் கம்மியா இருந்தா லாபமெல்லாம் போயிடும்.

வெண்ணிரைச்சல்

இரண்டு விஷயத்தைக் கலக்கிறீர்கள். மேலே சொன்ன 9.8 டெசிபெல், இரண்டு முழு ரிசீவர் வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கும் செலக்‌ஷனுக்கு. சுவிட்ச் போட்ட ஒற்றை ரிசீவர் ஒரு நேரத்தில் ஓர் ஆன்டெனாவைத்தான் பார்க்கும். மற்றது எப்படி இருக்கிறது என்று தெரிய, பாக்கெட் தொடக்கத்திலேயே மாறிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏஜிசி நிலைபெற நேரம், அளக்க நேரம். ஆகவே முன்னோட்டப் பிட்டுகளை இரட்டிப்பாகவாவது நீட்ட வேண்டும். வேறு யாரோ வகுத்த ஃபார்மட் என்றால் நீட்டவும் முடியாது. நீட்ட முடிந்த இடத்தில் அது நல்ல சிக்கனம்தான்.

தேர்ந்தெடுத்த பிறகு பாக்கெட் முடியும்வரை அந்த முடிவு செல்ல வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். நொடிக்கு 1.5 மீட்டர் நடையில் டாப்ளர் 12 ஹெர்ட்ஸ், சேனல் 35 மில்லிநொடி அளவுக்கு மாறாமல் இருக்கும். இங்கே பாக்கெட் 4 மில்லிநொடி, கவலையில்லை. அதே ரிசீவர் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகும் வண்டியில் இருந்தால் அந்த 35 மில்லிநொடி மூன்றுக்குள் சுருங்கிவிடும். பாக்கெட் தொடக்கத்தில் எடுத்த முடிவு பாதி வழியிலேயே பழசாகிவிடும். எம்ஆர்சி எடைக்கும் அதே கதிதான். தலைப்பில் மட்டும் பைலட் வைப்பது போதாது, நடுநடுவே தூவ வேண்டும்.

சேனல் எஸ்டிமேஷன் பற்றிச் சொன்னது பாதி சரி. கியூபிஎஸ்கேவுக்கு ஒற்றை ஆன்டெனா ஆனாலும் ஃபேஸ் தெரிந்தாக வேண்டும், ஆகவே அந்தச் செலவு இரண்டு பக்கமும் உண்டு. எஸ்என்ஆர் நன்றாக இருக்கும்போது N பைலட்டில் மதிப்பிட்டால் இழப்பு சுமார் `10*log10(1 + 1/N)`. ஒரே பைலட் என்றால் 3 டெசிபெல், நான்கு என்றால் 1, எட்டு என்றால் அரை. 32 இருக்கும்போது பேச வேண்டியதே இல்லை. ஃபேஸ் தேவைப்படாத எஃப்எஸ்கே டிடெக்டர் என்றால் உங்கள் வாதம் வலுவானது. அங்கே செலக்‌ஷனுக்கு சேனல் எஸ்டிமேஷனே வேண்டாம், எம்ஆர்சிக்கு வேண்டும்.

நிலா_வானொலி

ஆன்டெனா இடைவெளி பற்றி யாரும் கேட்கவில்லையே. அரை அலைநீளம் இல்லாவிட்டால் டைவர்சிட்டியே கிடையாது என்றுதான் படித்திருக்கிறேன். 2.4இல் அது 6 சென்டிமீட்டர். பெட்டியில் அவ்வளவு இடம் இருக்கிறதா?

குறிப்பலை

3 சென்டிமீட்டர்தான் இருக்கிறது.

பொன்னி_டிஎஸ்பி

அரை அலைநீளம் என்பது சுவர் போல ஒரு எல்லை அல்ல. எல்லாத் திசையிலிருந்தும் அலை வரும் இடத்தில் 3 சென்டிமீட்டரில் இரண்டு ஆன்டெனாவின் பவர் கோரிலேஷன் 0.26 அளவில் இருக்கும். இழப்பு குறைவாக இருக்கும் பகுதியில் இரண்டு கிளைக்கு அதனால் போவது `5*log10(1/(1 - 0.26))`, அதாவது 0.65 டெசிபெல். கோரிலேஷன் 0.7 ஆனால்கூட 2.6 டெசிபெல்தான் போகும். 10 டெசிபெல் லாபத்தில் இது தாங்கக்கூடியது. செலக்‌ஷனுக்கும் எம்ஆர்சிக்கும் இந்த அடி ஒரே அளவில்தான் விழும்.

கவனிக்க வேண்டியது வேறு. அவ்வளவு நெருக்கத்தில் ஓர் ஆன்டெனா மற்றதன் சக்தியை உறிஞ்சும், மேட்சிங் நகரும், இரண்டின் சராசரியும் குறையும். கோரிலேஷன் கணக்கு இதைச் சொல்லாது. இடம் இல்லாவிட்டால் ஒன்றை நிமிர்த்தியும் மற்றதைப் படுக்கவைத்தும் பாருங்கள். உயரமான கம்பத்தில் இருக்கும் ரிசீவர் என்றால் நிலைமை தலைகீழ். அங்கே அலை ஒரு குறுகிய கோணத்திலிருந்து மட்டும் வருவதால் பத்து அலைநீளம்கூடத் தேவைப்படலாம்.

சங்கர்_ஆர்எஃப்

சரி, ஒத்துக்கிறேன். ஆனா 2.4ல வேற ஒரு பிரச்சினை இருக்கே. பக்கத்துல வைஃபை, ப்ளூடூத் எல்லாம் நடுவுல வெட்டும். பைலட் 32 சிம்பல், அதாவது 128 மைக்ரோநொடி. பாக்கெட் 4 மில்லிநொடி. குறுக்கீடு பைலட்ல விழாம டேட்டாவுல விழறதுக்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. பைலட்ல அளந்த n அப்ப பொய்யாகிடும். ஒரு ஆன்டெனாவுல குறுக்கீடு பலமா இருந்தா எம்ஆர்சி அதையும் சேர்த்துக் கூட்டும். அதனால நான் சொல்றது: முதல் கிளைய டீகோட் பண்ணுங்க, ரெண்டாவதைப் பண்ணுங்க, கூட்டினதையும் பண்ணுங்க. எதுல சிஆர்சி தேறுதோ அதை எடுங்க.

வெண்ணிரைச்சல்

இதில் சங்கரோடு உடன்படுகிறேன், ஒரு எச்சரிக்கையோடு. 16 பிட் சிஆர்சி குப்பையை நல்லதென்று ஏற்கும் வாய்ப்பு 65,536இல் ஒன்று. மூன்று முறை முயன்றால் அது மூன்று மடங்கு. அதுவும் பாக்கெட்டே இல்லாத இரைச்சலில் எல்லாம் டீகோட் செய்துகொண்டிருந்தால் போலிப் பாக்கெட் வந்துகொண்டே இருக்கும். பைலட் கோரிலேஷனுக்கு ஒரு கீழ்வரம்பு வைத்துவிட்டு முயலுங்கள், அல்லது சிஆர்சியை 24 பிட் ஆக்குங்கள்.

பொன்னி_டிஎஸ்பி

எனக்கு அது ஒட்டுப்போடும் வேலையாகத் தோன்றுகிறது. குறுக்கீடு இரண்டு ஆன்டெனாவிலும்தான் விழும். இரண்டிலும் பலமாக விழுந்தால் மூன்று டீகோடும் தோற்கும். ஆனால் குறுக்கீடு இரண்டு கிளையிலும் ஒன்றோடொன்று தொடர்புள்ளது, இரைச்சலைப் போலத் தனித்தனி அல்ல. 50 சிம்பல் கட்டமாகப் பிரித்து, முதல் சுற்று முடிவுகளைக் கழித்து எச்சத்திலிருந்து 2×2 கோவேரியன்ஸ் R எடுத்து, எடையை `inv(R) @ h` என்று வைத்தால் குறுக்கீட்டை நேராகவே அழிக்கலாம். n மட்டும் வைத்த எம்ஆர்சிக்கு அந்தத் திறன் கிடையாது.

வெண்ணிரைச்சல்

அழிக்கலாம், ஆனால் இலவசமாக இல்லை. இரண்டு ஆன்டெனாவில் ஒரு குறுக்கீட்டை அழித்தால் ஃபேடிங்குக்கு எதிராக மிஞ்சுவது ஒற்றை ஆன்டெனாவின் பலம்தான். அந்தக் கட்டத்தில் நீங்கள் மறுபடி 4% உலகத்துக்குப் போய்விடுகிறீர்கள். தவிர, குறுக்கீடு பலமாக இருக்கும் இடத்தில்தான் முதல் சுற்று முடிவுகள் தப்பாகும். தப்பான முடிவைக் கழித்தால் R-க்குள் நமது சிக்னலே புகுந்து, எடை நம்மையே அழிக்கப் பார்க்கும். கோடிங் இருந்து, டீகோடருக்குப் பிறகு மறுசுற்று போட முடிந்தால் நீங்கள் சொல்வது நிற்கும். கோடிங் இல்லாத இவருடைய பாக்கெட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பொன்னி_டிஎஸ்பி

குறுக்கீடு 4 மில்லிநொடியில் ஒன்றிரண்டு கட்டத்தை மட்டும் தொடும். அந்தக் கட்டங்களில் ஒற்றை ஆன்டெனா பலம் போதும் என்பது என் வாதம். பைலட்டைத் தலைப்பில் குவிக்காமல் கட்டத்துக்கு நான்கு என்று பரப்பினால் முதல் சுற்று முடிவையே நம்ப வேண்டியதில்லை.

வெண்ணிரைச்சல்

கட்டத்துக்கு நான்கு பைலட்டில் h-உம் R-உம் சேர்ந்து எடுப்பது மிக மெலிவு. h-ஐப் பாக்கெட் முழுவதற்கும் பொதுவாக எடுத்தால் ஒருவேளை. அதிலும் பக்கத்துக் கட்டங்களின் எச்சத்தைச் சேர்க்க வேண்டியிருக்கும், குறுக்கீடு எங்கே தொடங்குகிறது என்பது மங்கிவிடும்.

குறிப்பலை

முதலில் சங்கர் சொன்ன மூன்று டீகோடைப் போடுகிறேன், சிஆர்சியை 24 ஆக்கிவிட்டு. குறுக்கீடு இல்லாத பதிவையும் வைஃபை பக்கத்தில் ஓடும் பதிவையும் தனித்தனியாக ஓட்டி, கூட்டியதில் மட்டும் தேறியவை எத்தனை, ஒற்றைக் கிளையில் மட்டும் தேறியவை எத்தனை என்று பிரித்துப் போடுகிறேன். இரண்டாவது கணக்கு பெரிதாக இருந்தால் அக்கா சொன்ன R எடையையும் அதே பதிவில் முயல்கிறேன்.

பொன்னி_டிஎஸ்பி

பதிவில் ஏஜிசி கெய்ன் எண்களையும் சேர்த்து எழுதிவையுங்கள். பாக்கெட் நடுவே குறுக்கீடு ஏடிசியை நிரப்பிக் கிளிப் ஆகியிருந்தால் எந்த எடையும் உதவாது. அந்தப் பாக்கெட்டுகளைத் தனியே ஒதுக்கிவிட்டுத்தான் எண்ண வேண்டும்.